நாலு மணி முகமும் ஆறு மணி முகூர்த்தமும்

ஆறு முதல் ஏழரை வரை முகூர்த்தம் என்று பத்திரிகை வந்துவிட்டால், முந்தைய ராத்திரி அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை என்று அர்த்தம். வரவேற்பு முடிந்து கடைசிப் பந்தி எழவே பதினொன்றரை ஆகிவிடும். அதற்குப் பிறகு சீர்த்தட்டு அடுக்குவது, வெளியூர்க்காரர்களுக்குப் பாய் தலையணை தேடுவது, காலையில் வேண்டிய பட்டுப் புடவையை எந்தப் பெட்டியில் வைத்தோம் என்று கலைத்துப் போடுவது. மணப்பெண்ணுக்கு ஒரு வசதி உண்டு. மேக்கப் போடுகிறவர் மூன்று மணிக்கே பெட்டியோடு வந்து உட்கார்ந்துவிடுவார். திண்டாட்டமெல்லாம் மாப்பிள்ளையின் அக்காவுக்குத்தான். தாலியின் மீதி முடிச்சைப் போடுகிறவள் நாத்தனார். ஆயுசுக்கும் ஆல்பத்தில் இருக்கப்போகும் படத்தில் மணப்பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் நெருக்கத்தில் விழுவது அவள் முகம்தான். அவளுக்கு மேக்கப் போட ஆள் கிடையாது. மூன்றரைக்குக் கண்ணயர்ந்து நாலேகாலுக்கு எழுந்தவள், ஐந்தரைக்கு மேடையில் நிற்க வேண்டும்.

அந்த ஒன்றே கால் மணி நேரத்தில் என்ன செய்யலாம், எது முடியாது என்பதுதான் இந்தக் கட்டுரை. இரவுப் பணி முடித்து நேராக நேர்முகத் தேர்வுக்குப் போகிறவருக்கும், விடிய விடிய ரயிலில் உட்கார்ந்து வந்தவருக்கும் இதே முறைதான். கல்யாண வீட்டை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், கெட்ட வெளிச்சம், புகை, வியர்வை, கேமரா நான்கும் அங்கே ஒன்றாக வந்து சேர்வதுதான்.

தூக்கம் கெட்டதை முகத்தில் எங்கே கண்டுபிடிக்கிறோம்? ஸ்வீடனில் ஸ்டாக்ஹோம் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்து 2013-ல் வெளியிட்டார்கள். 10 பேரை நன்றாகத் தூங்கிய பிறகு ஒரு முறையும், 31 மணி நேரம் விழித்திருக்க வைத்து ஒரு முறையும் படம் எடுத்தார்கள். அந்தப் படங்களை 40 பேரிடம் காட்டி மதிப்பெண் போடச் சொன்னார்கள். தூங்காத முகங்களில் இமை தொங்கியிருந்தது, கண் சிவந்து வீங்கியிருந்தது, கண்ணுக்குக் கீழே கருமை கூடியிருந்தது, தோல் வெளிறியிருந்தது, மெல்லிய சுருக்கங்கள் தெரிந்தன, வாயின் ஓரங்கள் கீழே இறங்கியிருந்தன என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

நாம் கருவளையம் என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு, கையில் இருப்பதிலேயே வெளுப்பான கன்சீலரை எடுத்து அதன் மேல் அப்புகிறோம். வீக்கமும் சிவப்பும் வெளிறலும் அப்படியே இருக்க, கருமையும் போகாமல் சாம்பல் பூத்தாற்போல் ஒரு திட்டு வந்து சேருகிறது. வீக்கத்துக்குக் குளிர்ச்சி, கருமைக்கு நிறத் திருத்தம், வெளிறலுக்கும் தொங்கலுக்கும் கடைசியில் நாலைந்து சின்னத் தொடல்கள். மூன்றும் வெவ்வேறு வேலை. வரிசை மாறினால் மூன்றுமே கெடும்.

முதலில் வீக்கம். கண்ணிமைத் தோல் உடம்பிலேயே மெல்லியது, அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அதற்கு அடியில் உள்ள திசுவும் தளர்வானது. படுத்திருக்கும்போது உடம்பின் நீர் முகத்துப் பக்கம் வந்து அங்கே தேங்கிவிடுகிறது. முந்தைய இரவு விருந்தில் ஊறுகாய், அப்பளம், வறுவல் என்று உப்பு ஏறியிருந்தால் தேக்கம் இன்னும் கூடும். தங்கையை அனுப்பி வைக்கும் வீட்டில் அழுகையும் சேர்ந்துகொள்ளும். எழுந்து நடமாட ஆரம்பித்தாலே இந்த நீர் மெல்ல வடியும். ஆகவே நாலேகாலுக்கு எழுந்தவள் 'இன்னும் அஞ்சு நிமிஷம்' என்று மறுபடி சாய்வதைவிட, எழுந்து உட்கார்ந்துவிடுவது முகத்துக்கு நல்லது. அந்த ஐந்து நிமிடத் தூக்கம் களைப்பைத் தீர்க்கப்போவதில்லை.

குளிர்ச்சி பட்டால் தோலுக்கு அடியில் உள்ள நுண்ணிய ரத்தநாளங்கள் சுருங்குகின்றன. அவற்றிலிருந்து திசுவுக்குள் நீர் கசிவதும் குறைகிறது. வீக்கம், சிவப்பு இரண்டும் ஒருசேர இறங்குவது இதனால்தான். வெள்ளரித் துண்டு, ஆறிய டீ பை, காபித்தூள் கலந்த ஜெல் என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். காபியில் உள்ள காஃபீன் ரத்தநாளத்தைச் சுருக்கும் என்பது உண்மைதான். ஆனால் தாய்லாந்து ஆய்வாளர்கள் காஃபீன் கலந்த ஜெல்லையும் கலக்காத வெறும் ஜெல்லையும் கண் வீக்கத்துக்குப் போட்டு ஒப்பிட்டபோது, பெரும்பாலானவர்களுக்கு வேலை செய்தது ஜெல்லின் குளிர்ச்சிதான் என்று 2011-ல் எழுதினார்கள். வெள்ளரிக்காய் விஷயமும் இதுதான். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த வெள்ளரி பலன் தரும். வாசலில் வண்டிக்காரரிடம் வாங்கிய வெள்ளரியைச் சாப்பிட்டுவிடலாம்.

மண்டபத்து அறையில் ஃபிரிட்ஜ் இருக்காது. ஆனால் வரவேற்புக்கு ஜூஸ் போட்ட இடத்தில் ஐஸ் மிச்சம் இருக்கும். அந்த ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்ததோ தெரியாது. அதனால் அது கண்ணுக்குள் வடியக் கூடாது. நான்கைந்து கட்டிகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்க முடிச்சிட்டு, நனைத்துப் பிழிந்த பருத்திக் கைக்குட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள். காண்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் கழற்றிவிட்டு, கண்ணை மூடி, நிமிர்ந்து உட்கார்ந்து, அழுத்தாமல் வைக்க வேண்டும். ஒரு பக்கம் இரண்டு மூன்று நிமிடம், பிறகு மறு பக்கம். மாற்றி மாற்றி மொத்தம் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். ஐஸே கிடைக்காவிட்டால் குடிதண்ணீர் கேனில் இருந்து பிடித்த நீரில் கைக்குட்டையை நனைத்து மின்விசிறிக்கு அடியில் நாலு முறை உதறுங்கள். ஈரம் ஆவியாகித் துணி நன்றாகவே குளிர்ந்துவிடும்.

எவர்சில்வர் ஸ்பூனைக் குளிரவைத்து வைப்பதும் நல்ல வழிதான். அதை ஐஸ் தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டுத் துடைத்து, குழிந்த பக்கம் கண்ணைப் பார்க்க வைக்கலாம். ஃப்ரீசரில் ராத்திரி முழுக்கக் கிடந்த ஸ்பூனை மட்டும் அப்படியே வைக்காதீர்கள். உலோகம் தோலில் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது புண்ணாக்கிவிடும். ஐஸ் கட்டியைக் கையில் பிடித்து முகத்தில் நேராகத் தேய்க்கும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. கன்னத்துத் தோல் எப்படியோ தாங்கிக்கொள்கிறது. இமைத் தோலுக்கு அந்தச் சோதனை வேண்டாம். வைத்த இடம் மரத்துப்போனாலோ, சுள்ளென்று வலித்தாலோ, எடுத்த பிறகு திட்டுத் திட்டாகச் சிவந்தாலோ அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். குளிர் பட்டாலே தடிப்புத் தடிப்பாக எழும் உடம்புக்காரர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

துணியை எடுத்த பிறகு மோதிர விரலால், மூக்கை ஒட்டிய மூலையில் இருந்து காதுப் பக்கமாக, கண் எலும்பின் விளிம்பில் ஏழெட்டு முறை மெதுவாக அழுத்தி நகர்த்தினால் மிச்ச நீரும் கொஞ்சம் நகரும். தேய்ப்பது கூடாது. தூக்கம் கலையாத கண்ணைக் கசக்குவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். கசக்கக் கசக்க வீக்கம் கூடும், தினமும் கசக்கினால் அந்த இடம் நிரந்தரமாகவே கறுக்கும்.

கண் சிவப்புக்கு ஒரு வார்த்தை. மருந்துக் கடையில் சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்து என்று கேட்டு வாங்கி ஊற்றிக்கொள்வார்கள். ரத்தநாளத்தைச் சுருக்கும் வகைச் சொட்டு மருந்துகளை அடிக்கடி போட்டால், மருந்தின் வேகம் இறங்கியதும் கண் முன்பைவிட அதிகமாகச் சிவக்கும். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து அதைவிட ஆபத்து. மருத்துவர் சொல்லாமல் போட்டுவந்தால் கண்ணழுத்தம் ஏறிப் பார்வையையே பாதிக்கலாம். காய்ந்து சிவந்த கண்ணுக்குச் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு போதுமானது. அன்றைக்கு லென்ஸ் போடாமல் இருந்தால் பாதிச் சிவப்பு குறைந்துவிடும்.

இப்போது மணி நாலே முக்கால். வீக்கம் ஓரளவு வடிந்திருக்கும். முகத்தை ஒற்றித் துடைத்து, மாய்ஸ்சரைசரைக் கண்ணுக்குக் கீழே ஒரு மிளகளவு மட்டும் வைத்து ஒற்றிவிட்டு, ஐந்து நிமிடம் விட்டுவிட வேண்டும். அவசரத்தில் எல்லோரும் விழுங்கிவிடுவது இந்த ஐந்து நிமிடத்தைத்தான். ஈரமும் பிசுபிசுப்பும் காயாத தோலில் எதை வைத்தாலும் வழுக்கும், திரள் திரளாக உருளும். அந்த இடைவெளியில் புடவைக்கு மடிப்பு எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து கருமை. கலர் எடுக்குமுன் அது எந்த வகைக் கருமை என்று பார்க்க வேண்டும். ஒரு கைக்கண்ணாடியோடு வெளிச்சத்துக்கு நேராக நின்று, முகவாயை உயர்த்திப் பாருங்கள். தலையைத் தூக்கி, வெளிச்சம் நேரே விழும்போது கருமை மறைகிறதா? அப்படியானால் அது நிறமே இல்லை, நிழல். கண்ணுக்கும் கன்னத்துக்கும் நடுவே உள்ள பள்ளமோ, மேலே தொங்கும் வீக்கமோ விழுத்தும் நிழல். மறையவில்லை என்றால், கீழிமைத் தோலை விரலால் லேசாகக் கீழே இழுத்துப் பாருங்கள். பழுப்பு நிறம் தோலோடு சேர்ந்து அப்படியே நகர்ந்தால், அது தோலில் படிந்த நிறமி. குடும்பத்தில் வருவது. நம் பக்கத்துப் பெண்களுக்கு அதிகம் இருப்பது இதுதான். நேற்றைய கண்விழிப்பு அதை உண்டாக்கவில்லை, எடுத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். இழுக்கும்போது நீலமும் ஊதாவும் இன்னும் தெளிவாகத் தெரிந்தால், அது மெல்லிய தோலுக்கு அடியில் இருந்து எட்டிப்பார்க்கும் ரத்தநாளம். தோல் வெளிறும் நாளில் அது அதிகம் தெரியும். பலருக்கு மூன்றும் கலந்தே இருக்கும்.

நிறமிக்கும் ரத்தநாளத்துக்கும் கரெக்டர் உதவும். நிற வட்டத்தில் நீலத்துக்கு எதிரே இருப்பது ஆரஞ்சு. எதிரெதிர் நிறங்கள் ஒன்றின் மேல் ஒன்று மெல்லிசாகப் படிந்தால் இரண்டும் மங்கி, நடுவாந்தரமான ஒரு பழுப்பு வரும். நமக்கு வேண்டியதும் அந்தப் பழுப்புதான், ஏனென்றால் அது நம் தோலின் நிறத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நேரே தோல் நிறக் கன்சீலரையோ அதைவிட வெளுப்பானதையோ பூசினால், கரி படிந்த சுவரில் ஒரே ஒரு கோட் சுண்ணாம்பு அடித்த கதைதான். அடியில் உள்ள நீலக்கருமை மேலே வந்து கலந்து சாம்பலாகும்.

கோதுமை நிறத்துக்குப் பீச் வகை போதும். மாநிறத்துக்கு நல்ல ஆரஞ்சு வேண்டும். அதைவிட ஆழ்ந்த நிறத்துக்குச் செங்கல் சாயல் கொண்ட ஆரஞ்சு. கடைகளில் ஒரே டப்பாவில் பச்சை, லாவண்டர், மஞ்சள், ஆரஞ்சு என்று ஆறு கலர் அடுக்கி விற்கிறார்களே, அதில் பாதி நம் கண்ணடிக்கு உதவாது. பச்சை என்பது பருவின் சிவப்பை அடக்க. லாவண்டர் மஞ்சள் பாய்ந்த வெளிர் தோலுக்கு. மாநிறத்தில் இவ்விரண்டையும் கண்ணுக்குக் கீழே வைத்தால் நோயாளிக் களை வந்துவிடும். ஆறு கலர் டப்பாவுக்குக் கொடுக்கும் பணத்தில் சரியான சாயலில் ஒரே ஒரு ஆரஞ்சு வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

இந்த ஆரஞ்சு சமாசாரத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் ஒரு வீடியோவுக்குப் பங்குண்டு. இந்திய வம்சாவளி அமெரிக்கரான தீபிகா முத்யாலா, 2015-ல் சிவப்பு லிப்ஸ்டிக்கைக் கண்ணுக்குக் கீழே தடவி, அதன் மேல் கன்சீலர் போட்டுக் கருவளையத்தை மறைத்துக் காட்டினார். வீடியோவைக் கோடிக்கும் மேல் பார்த்தார்கள். பிற்பாடு அவர் நம் போன்ற நிறத்தவர்களுக்கான ஒரு அழகுசாதன நிறுவனத்தையே தொடங்கினார். தத்துவம் சரிதான். சிவப்பு கலந்த எதுவும் நீலக்கருமையை அடக்கும். ஆனால் உதட்டுக்கு அனுமதிக்கப்பட்ட எல்லாச் சாயங்களும் கண் பக்கத்தில் பயன்படுத்த அனுமதிக்கப்பட்டவை அல்ல. லிப்ஸ்டிக்கில் உள்ள எண்ணெயும் மெழுகும் கண்மடிப்பில் சேர்ந்து வழுக்கும். வேறு வழியே இல்லாத ஒருநாள் கூத்துக்கு இருக்கட்டும், பழக்கமாக வேண்டாம்.

நாத்தனாரிடம் திரும்புவோம். மாநிறம். மூக்கை ஒட்டிய உள்மூலையில் நீலக்கருமை, அங்கிருந்து பிறை போலக் கீழிறங்கும் பழுப்பு. கன்னத்தின் மேல்பாதி வரைக்கும் முக்கோணமாக வரைந்து நிரப்பும் பழக்கத்தை விட்டுவிடலாம், கருமை இருக்கும் இடம் அவ்வளவு பெரிதில்லை. ஒரு கண்ணுக்கு ஓர் அரிசி மணியளவு ஆரஞ்சு கரெக்டர். அதைப் புறங்கையில் வைத்து விரலால் தேய்த்து இளக்கி, உள்மூலையிலும் பிறையிலும் மட்டும் மோதிர விரலால் ஒற்ற வேண்டும். விளிம்பைச் சுத்தமான விரலால் கரைத்துவிட வேண்டும். மேலிமை கறுத்திருந்தால் அங்கும் விரலில் மிஞ்சியதைத் தொட்டுக்கொள்ளலாம். கறுத்த மேலிமைதான் கண்ணைப் பாதி மூடியதுபோல் காட்டுகிறது.

அளவு சரிதானா என்று எப்படித் தெரியும்? ஓரடி தள்ளி நின்று பார்த்தால் அங்கே ஆரஞ்சு தெரியக் கூடாது, கருமையும் தெரியக் கூடாது. சுமாரான பழுப்பாக, கொஞ்சம் அழுக்குப் போலக்கூடத் தெரியும். அதுதான் சரி. ஆரஞ்சு ஆரஞ்சாகவே தெரிந்தால் அதிகம். அதை மறைக்க மேலே கன்சீலரைக் கூட்டுவோம், பூச்சு தடித்து ஒரு மணி நேரத்தில் கோடு கோடாக வெடிக்கும். ஈர ஸ்பாஞ்சால் ஒற்றிக் குறைத்துவிட்டு மேலே போகலாம். சாம்பல் இன்னும் தெரிந்தால் ஆரஞ்சு போதவில்லை.

ஒரு நிமிடம் விட்டு, தோல் நிறத்துக்குச் சரியாகப் பொருந்தும் கன்சீலரை அதே அரிசி மணியளவு எடுத்து அதன் மேல் ஒற்ற வேண்டும். இழுக்கக் கூடாது. இழுத்தால் அடியில் இருக்கும் ஆரஞ்சு கிளம்பி வந்து கலந்து, முகம் மஞ்சள் காமாலை கண்டதுபோல் ஆகும். வெளுப்பு வேண்டும் என்று ஆசைப்பட்டால், உள்மூலையில் மட்டும் அரை ஷேட் வெளுத்த கன்சீலர் ஒரே புள்ளி. அதற்கு மேல் போனால் கண்ணைச் சுற்றி வெள்ளைக் கண்ணாடி மாட்டியதுபோல் தெரியும். மண்டபத்தில் அப்படிப் பத்துப் பேரையாவது நீங்களே பார்த்திருப்பீர்கள்.

குளிர்ச்சி கொடுத்த பிறகும் மிச்சமிருக்கும் வீக்கத்துக்கு வேறு கணக்கு. உப்பிய மேட்டின் மேல் வெளுத்த கன்சீலரோ மினுமினுப்போ போடவே கூடாது. வெளிச்சம் படும் மேடு இன்னும் மேடாகத் தெரியும். அதன் கீழே ஒரு கோடாக நிழல் விழுகிறது அல்லவா, மெல்லிய பிரஷ்ஷால் அந்தக் கோட்டில் மட்டும் அரை ஷேட் வெளுத்த கன்சீலரை வரைந்து, கீழ்ப்பக்கமாக மட்டும் ஒற்றிக் கரைக்க வேண்டும். மேடும் பள்ளமும் ஒரே அளவு வெளிச்சமாகி, நேரே இருந்து பார்ப்பவருக்கு வீக்கம் குறைந்து தெரியும். பக்கவாட்டில் இருந்து பார்ப்பவரை ஏமாற்ற முடியாது. ஆழமான பள்ளம் உள்ளவர்களுக்கும் அந்த நிழலைப் பாதிதான் குறைக்கலாம், முழுதாக அழிக்க எந்தக் கன்சீலராலும் ஆகாது.

பவுடருக்கு முன்னால் ஒரு காரியம். "கொஞ்சம் மேல பாருங்கக்கா" என்று பார்லரில் சொல்வார்களே, அப்படி மேலே பார்த்தபடி, கீழ்மடிப்பில் சேர்ந்துவிட்ட கன்சீலரை விரல் நுனியால் ஒற்றி எடுத்துவிட்டு, உடனே துளி பவுடரை அழுத்துங்கள். வெள்ளை வெளேரென்ற பவுடர் வேண்டாம், மஞ்சள் சாயல் உள்ளது மாநிறத்துக்கு நல்லது. வெள்ளைப் பவுடரும், வெள்ளைப் படலம் விடும் சன்ஸ்கிரீனும் கண்ணாடியில் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு, ஃபிளாஷ் அடித்ததும் படத்தில் மாவு தூவியதுபோல் விழும். அதற்கு ஒரே சோதனை, அறையை விட்டுக் கிளம்புமுன் உங்கள் போனிலேயே ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்ப்பது. அறையில் மஞ்சள் பல்பு இருந்தால் ஆரஞ்சை அளவிடவே முடியாது. வெள்ளை லைட் எரியும் இடத்துக்குக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.

இனி மிச்சம் கடைசித் தொடல்கள். ஐந்தே கால் ஆகிவிட்டது, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஸ்டாக்ஹோம் படங்களில் தோல் வெளிறித் தெரிந்தது என்றேனே, அதற்கு மருந்து ப்ளஷ். மாநிறத்துக்குப் பவழச் சிவப்போ செங்கல் சிவப்போ. கன்ன எலும்பின் மேல்பகுதியில், கண்ணில் இருந்து இரண்டு விரல் தள்ளி வைத்துப் பொட்டுப் பக்கமாகக் கரைக்க வேண்டும். கண்ணுக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்தால் அழுத முகம்போல் ஆகிவிடும். கருமையை மறைத்த பிறகும் 'ஏதோ குறைகிறதே' என்று கன்சீலரையே மேலும் மேலும் பூசுகிறவர்கள் பலர். குறைவது கன்சீலர் அல்ல, ரத்தக் களை. கீழிறங்கிய வாய் ஓரத்துக்கு, உதட்டின் இரண்டு கடைகளுக்குக் கீழே துளி கன்சீலரை மேல்நோக்கி ஒற்றினால் போதும், வாய் நிமிரும். உதட்டுக்கும் அதே பவழமோ செங்கல் சிவப்போ. ஊதா, ஒயின் நிறங்கள் மிச்சமிருக்கும் நீலக்கருமையைத் தேடிப் பிடித்துக் காட்டும், அன்றைக்கு மட்டும் விலக்கிவிடலாம்.

சண்டைக்கு இடம் வைக்கும் பகுதி கண்மை. மை இல்லாமல் மேடையேறினால் 'என்னடி, உடம்பு சரியில்லையா' என்று அத்தைமார் கேட்பார்கள். ஆனால் களைத்த கண்ணில், கீழ் இமையின் உள்விளிம்பில் இழுத்த கறுப்பு மை கண்ணை இன்னும் சின்னதாக்கும். ஹோமப் புகையில் கண் கலங்கியதும் அது கரைந்து இறங்கி, அரை மணி நேரம் உழைத்துச் சரிசெய்த இடத்திலேயே போய் உட்காரும். என் தீர்ப்பு இது: மையை மேலிமை மயிரடியோடு ஒட்டிப் போடுங்கள், வால் பகுதியை லேசாக மேலே தூக்குங்கள். கீழே வெளிக்கோடியில் மூன்றில் ஒரு பங்குக்குப் பழுப்புப் பென்சில் போதும். கீழ் உள்விளிம்பில் தோல் நிறப் பென்சில். அது சிவந்த விளிம்பை மறைத்து, வெள்ளை விழியை நீட்டிக் காட்டும். அதற்கு வெள்ளைப் பென்சிலை எடுத்துவிடாதீர்கள், நாடக வேஷமாகிவிடும். கண்மயிரை வளைப்பானில் பத்து விநாடி பிடித்து, தண்ணீருக்குக் கரையாத மஸ்காராவை மேலே மட்டும் ஒரு கோட் போட்டால், தொங்கிய இமை நிமிர்ந்ததுபோல் தெரியும். இருக்கும் தொடல்களில் ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் செய்வேன்.

உள்மூலையில் மினுமினுப்பு வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. வீடியோ லைட் நேரே அடிக்கும் மேடையில் அது தேவையில்லை, வியர்வையே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். வியர்த்தால் துடைக்காமல், டிஷ்யூவை நாலாக மடித்து ஒற்றி எடுங்கள். புகைக்குக் கண்ணீர் வந்தால் டிஷ்யூவின் முனையைக் கீழிமைக்கும் கண்ணுக்கும் நடுவே பிடித்து உறிஞ்சவிடுங்கள், கன்னத்தில் வழியவிடாமல். குளிர்ச்சியின் பலன் நெடுநேரம் நிற்காது. ஆனால் நிமிர்ந்து நடமாடுவதால் நீர் தானே வடிந்துகொண்டிருக்கும். கரெக்டரும் கன்சீலரும் மெல்லிசாகப் போட்டிருந்தால் முகூர்த்தம் முடிந்து பந்தி வரைக்கும் தாங்கும்.

இந்த வித்தைகள் எல்லாம் ஒரு ராத்திரிக் கண்விழிப்புக்கு. நன்றாகத் தூங்கியும் வாரக்கணக்கில் வடியாத வீக்கம், ஒரு கண்ணில் மட்டும் வரும் வீக்கம், வலியோ பார்வை மங்கலோ சேர்ந்த சிவப்பு, முகத்தோடு காலும் வீங்குவது, இவை கன்சீலருக்கு அடங்குபவை அல்ல. தைராய்டு, சிறுநீரகம், ஒவ்வாமை, ரத்தச்சோகை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். மறைப்பதை விட்டுவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

முகூர்த்தம் முடிந்து சாப்பிட்டதும் கண் தானாகச் சொக்கும். அப்படியே பாயில் சரிந்துவிடாதீர்கள். பஞ்சில் சுத்தமான தேங்காய் எண்ணெயோ மேக்கப் நீக்கியோ நனைத்து, மூடிய இமையின் மேல் அரை நிமிடம் வைத்திருந்து, தேய்க்காமல் வழித்து எடுத்துவிட்டு முகத்தைக் கழுவுங்கள். மையும் கன்சீலரும் இமையோரத்தில் கிடக்கத் தூங்கினால் சாயங்காலம் எழும்போது கண் மறுபடி சிவந்து வீங்கியிருக்கும். தலைக்கு இரண்டு தலையணையாக வைத்துக்கொண்டு படுங்கள்.